ரெட்டைப் போட்டால் போதுமா?

கேரம் போர்டைச் சுற்றி நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் ரெட்டால் வருபவை. "ரெட்டும் வெள்ளையும் ஒரே அடியில விழுந்துச்சு, அதான் ஃபாலோ" என்பார் ஒருவர். "அதெல்லாம் செல்லாது மச்சான், ரெட் விழுந்த அப்புறம் தனியா ஒரு காய் போடணும்" என்பார் எதிரில் உட்கார்ந்திருப்பவர். சுற்றி நிற்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். குரல் யாருக்குப் பெரிதோ அவர் பக்கம் தீர்ப்பாகிவிடும்.

சர்வதேச விதிப்படி இதில் முதலாமவர் சொல்வதுதான் சரி. ஏற்கெனவே தன் காய் ஒன்றையாவது போட்டிருக்கும் ஆட்டக்காரர், ரெட்டையும் தன் காயையும் ஒரே அடியில் சேர்த்துப் போட்டால் ரெட் அவருடையது. இந்த விதிகள் எங்கிருந்தோ வந்தவை அல்ல. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். உலகச் சாம்பியன் பட்டத்தை 1991-இலும் 1995-இலும் வென்று, கேரத்துக்காக அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். அமெரிக்காவில் 2024-இல் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். 'வடசென்னை' படத்தில் தனுஷின் கையில் ஸ்ட்ரைக்கரைக் கொடுத்ததற்கு வெற்றிமாறனுக்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கத்துத் தெருக்களில் கேரம் மன்றம் என்பது டீக்கடை அளவுக்குச் சாதாரணம்.

ஆனால் வீட்டுக் கூடத்திலும் மொட்டை மாடியிலும் ஆடுகிற நம்மில் பலருக்கு ரெட் என்றால் ஒரு மயக்கம் உண்டு. கறுப்புக்கு இவ்வளவு, வெள்ளைக்கு இவ்வளவு, ரெட்டுக்கு ஐம்பது என்று புள்ளி எண்ணி ஆடிய பழக்கத்தில் வந்த மயக்கம் அது. அந்த ஆட்டத்தில் ரெட்டைப் பிடித்தவர் பாதி ஜெயித்த மாதிரிதான். போட்டி ஆட்டத்தில் ரெட்டின் மதிப்பு வெறும் 3 புள்ளி. ஒரு போர்டில் தன் ஒன்பது காய்களையும் முதலில் முடிப்பவர், எதிராளியின் காய்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றனவோ அத்தனை புள்ளி பெறுவார். ரெட்டையும் அவரே எடுத்திருந்தால் கூட 3. ஆக, எதிராளி ஒரு காய்கூடப் போடாத போர்டில்கூட மொத்தம் 12-தான். இப்படிப் போர்டு போர்டாகச் சேர்த்து 25 புள்ளியை முதலில் எட்டுபவர், அல்லது எட்டு போர்டு முடிவில் முன்னால் இருப்பவர், அந்த ஆட்டத்தை வெல்வார்.

இந்த 3 புள்ளியைத் துரத்தி அவசரப்படுவதில்தான் சாதாரண ஆட்டக்காரர் போர்டையே கோட்டை விடுகிறார். காரணம் எளிது. ரெட் என்பது ஒரு அடியில் முடிகிற வேலை இல்லை, அடுத்தடுத்த இரண்டு அடி. முதல் அடியில் ரெட் விழ வேண்டும், அடுத்த அடியில் தன் காய் விழ வேண்டும். அந்த இரண்டாவதைத்தான் நம் ஊரில் ஃபாலோ என்கிறோம். ஃபாலோ தவறினால் ரெட் குழியிலிருந்து எழுந்து நடு வட்டத்துக்குப் போய்விடும், ஆட்டமும் எதிராளி கைக்குப் போய்விடும். அவர் எதிரில் நட்டநடுவில் ரெட்டை வைத்துக் கொடுத்து, "எடுத்துக்கோ" என்று சொன்னதற்குச் சமம்.

எனவே ரெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், இரண்டாவது அடியைத் தீர்மானிக்கிற விஷயத்தைப் பார்க்க வேண்டும். அது முதல் அடியின் வேகம்.

போட்டியில் பயன்படும் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராம் வரை இருக்கலாம். காய் ஒன்றின் எடை சுமார் 5 கிராம். அதாவது ஸ்ட்ரைக்கர் காயைவிட மூன்று மடங்கு கனம். கனமான பொருள் லேசானதை நேருக்கு நேர் மோதினால் நின்றுவிடாது. வேகம் குறைந்து அதே திசையில் தொடர்ந்து போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால், நேராக மோதும்போது ஸ்ட்ரைக்கரிடம் ஏறக்குறைய பாதி வேகம் மிச்சம் இருக்கும். காயோ, ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்பும். மரத்தின் மேல் வழுக்கிப் போகிற பொருள் நிற்கும்வரை போகிற தூரம், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காயின் வேகம் ஸ்ட்ரைக்கரைப் போல மூன்று மடங்கு என்றால், போகிற தூரம் ஒன்பது மடங்கு.

இதைப் பலகை மேல் வைத்துப் பார்ப்போம். குழிக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் ஒரு காய் நேர்க்கோட்டில் நிற்கிறது. அது குழி வரைக்கும் போகிற அளவுக்கு மட்டும் அடித்தால், மோதலுக்குப் பிறகு ஸ்ட்ரைக்கர் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் நகர்ந்து நின்றுவிடும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் அது 13 சென்டிமீட்டர் ஆகும். மூன்று மடங்காக்கினால் 30 சென்டிமீட்டர் ஆகும். காய் விழுந்த குழியின் வாய்க்கே ஸ்ட்ரைக்கரும் போய் நிற்கும், அதற்கும் மேல் ஒரு துளி வேகம் இருந்தால் உள்ளேயே விழும். பலகையும் பவுடரும் காயின் தேய்மானமும் இந்த எண்களைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளும். போக்கு இதுதான்.

கூட்டாளி நேர்க்காயை "டப்"பென்று அடித்து, காயோடு ஸ்ட்ரைக்கரையும் போட்டுவிட்டு, துரதிர்ஷ்டம் என்று தலையில் கை வைப்பதைப் பார்த்திருப்போம். துரதிர்ஷ்டம் எல்லாம் இல்லை. நேர்க்காயைப் பலமாக அடித்தால் ஸ்ட்ரைக்கர் பின்னாலேயே போகும். குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர், ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 வரை. நேர்க்கோட்டில் வரும் ஸ்ட்ரைக்கருக்கு அந்த இடைவெளியே போதும்.

நேர்க்காயை மெதுவாக அடிக்க வேண்டும் என்பது இதிலிருந்து வரும் முதல் பாடம். இன்னொன்றும் உண்டு. சாய்வாக அடிக்கும் கட் அடியில் ஸ்ட்ரைக்கர் காயின் ஓரத்தைத்தான் தொடுகிறது, அதனால் தன் வேகத்தில் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பலகையைச் சுற்றிவரும். மெல்லிய கட் அடித்த பிறகு ஸ்ட்ரைக்கர் எங்கே போய் எதைக் கலைக்கிறது என்பதைக் கவனிக்காமல் விட்டால், அடுத்த அடிக்கு நினைத்து வைத்திருந்த காய் இருந்த இடத்தில் இருக்காது. ரெட்டைக் கட் அடித்து அழகாகப் போட்டுவிட்டு, ஃபாலோவுக்கு வைத்திருந்த காயைத் தன் ஸ்ட்ரைக்கராலேயே குழி ஓரத்திலிருந்து தள்ளிவிட்டு விழிப்பவர்கள் ஏராளம்.

கட் அடியில் குறி தவறுவதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். காய் குழிக்குப் போக வேண்டுமானால், குழிக்கு நேர் எதிர்ப்புறத்தில் காயின் விளிம்பைத் தொட வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்றால், ஸ்ட்ரைக்கரின் நடுப்புள்ளியை அந்த விளிம்புக்குக் குறி வைக்கிறார்கள். ஆனால் ஸ்ட்ரைக்கருக்கும் ஓர் அகலம் இருக்கிறதே! அதன் நடுப்பகுதி அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அதன் ஓரம் காயின் வேறொரு பக்கத்தைத் தொட்டுவிடும். மோதல் எதிர்பார்த்ததைவிடத் தடியாக அமையும். காய் போதுமான அளவு திரும்பாமல், நாம் அடித்த திசையிலேயே அதிகம் போய்விடும்.

சரியான குறி காயின் விளிம்பில் இல்லை, காய்க்கு வெளியே இருக்கிறது. குழியிலிருந்து காயின் நடுவழியாக ஒரு கோடு கிழித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டை காயின் மறுபக்கமாக நீட்டுங்கள். காயின் ஆரம் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், ஸ்ட்ரைக்கரின் ஆரம் 2 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டையும் கூட்டினால் சுமார் 3.6 சென்டிமீட்டர். காயின் நடுவிலிருந்து அந்த நீட்டிய கோட்டில் 3.6 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் வெற்றுப் பலகைதான் ஸ்ட்ரைக்கரின் நடு போய்ச் சேர வேண்டிய இடம். வீட்டில் தனியாக இருக்கும்போது, இன்னொரு ஸ்ட்ரைக்கரைக் காயோடு ஒட்டி அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அது உட்காரும் இடத்தை மனதில் பதித்துக்கொண்டு, எடுத்துவிட்டு அடிக்கலாம். கொஞ்ச நாளில் கண் அந்த வட்டத்தைத் தானே போட்டுக்கொள்ளும்.

குறி சரியாக இருந்தும் ஸ்ட்ரைக்கர் வேறு பக்கம் ஓடுகிறதென்றால் கோளாறு விரலில் இருக்கிறது. ஆள்காட்டி விரலால் அடிப்பவர், நடுவிரலால் அடிப்பவர், கட்டைவிரலில் மாட்டிச் சுண்டுபவர், ஆள்காட்டி விரலை நடுவிரலோடு கத்தரிக்கோல் போலக் கோத்து விடுபவர் என்று பல பாணி உண்டு. எல்லாமே விதிப்படி செல்லும். விரலால் அடிக்க வேண்டும், தள்ளக்கூடாது என்பதுதான் நிபந்தனை. ஸ்ட்ரைக்கர் பேஸ் லைனின் இரண்டு கோடுகளையும் தொட்டபடி இருக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் உள்ள சிவப்பு வட்டத்தில் வைப்பதானால் வட்டத்தை முழுக்க மூட வேண்டும், இல்லாவிட்டால் அதைத் தொடவே கூடாது. தெருவில் பாதி வட்டத்தில் வைத்து அடிப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. மன்றத்துக்குப் போய் அப்படி வைத்தால் நடுவர் உடனே நிறுத்துவார்.

எந்தப் பாணியானாலும் உள்ளங்கையோ மற்ற விரல்களோ பலகையில் அழுத்தமில்லாமல் ஊன்றியிருக்க வேண்டும், அடிக்கும் விரல் மட்டும்தான் அசைய வேண்டும். விரலை ஸ்ட்ரைக்கரிலிருந்து வெகு தூரம் பின்னால் இழுத்து ஓங்கி அடித்தால் இரண்டு தொல்லை. நகம் வலிக்கும், ஸ்ட்ரைக்கரின் நடுவிலும் படாது. விரல் நுனி ஸ்ட்ரைக்கரை ஏறக்குறைய ஒட்டியிருக்கும் நிலையிலிருந்து விடும்போதுதான் திசையும் வேகமும் கட்டுக்குள் இருக்கும்.

விரல் சரியாக விழுகிறதா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பலகையிலிருந்து எல்லாக் காய்களையும் எடுத்துவிட்டு, பேஸ் லைனின் நட்டநடுவில் ஸ்ட்ரைக்கரை வைத்து எதிர்ச்சட்டத்தின் நடுவை நோக்கி நேராக அடியுங்கள். போன தடத்திலேயே திரும்பி வந்து விரலில் இடித்தால் அடி சுத்தம். ஒவ்வொரு முறையும் இடப்பக்கமாகவே விலகி வந்தால், விரல் ஸ்ட்ரைக்கரின் நடுவுக்கு வலப்புறம் படுகிறது. ஒரு தடவை இடம், ஒரு தடவை வலம் என்று மாறி மாறி வந்தால் விரலைவிட மணிக்கட்டைச் சந்தேகப்பட வேண்டும், அது அடிக்கும் நேரத்தில் ஆடுகிறது. ஸ்ட்ரைக்கர் சற்றே எகிறி "டடட" என்று சத்தத்தோடு போனால் நகம் அடிப்பாகத்தில் படுகிறது என்று அர்த்தம். நேர்கோடு வந்த பிறகு, அதே அடியில் எதிர்ச்சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வேகத்தைக் குறைத்துப் பழகலாம். பெரும்பாலானோருக்கு அது பலமாக அடிப்பதைவிடக் கடினமாக இருக்கும்.

இனி ரெட்டுக்கு வரலாம்.

விதிகளில் அடிக்கடி இடறுபவை இவை. தன் காய் ஒன்றாவது விழுந்த பிறகுதான் ரெட்டை எடுக்கும் உரிமை வரும். அதற்கு முன் ரெட் விழுந்தால் அது நடுவுக்குத் திரும்பும், ஆட்டமும் கைமாறும். ரெட்டோடு ஸ்ட்ரைக்கரும் விழுந்தால் ரெட் வெளியே வரும், அபராதமாகத் தன் காய் ஒன்றும் வெளியே வரும். ரெட் யார் கணக்கிலும் சேராமல் பலகையில் இருக்கும்போது தன் கடைசிக் காயைப் போட்டுவிடுபவர் அந்தப் போர்டையே இழப்பார். வீடுகளில் இந்த இடத்தில் பெருந்தன்மையாகக் காயை எடுத்து வைத்துத் தொடர்வதுண்டு. போட்டியில் அந்தத் தயவு கிடையாது. எனவே இருவருமே காய்களை முடித்துக்கொண்டே வந்து, கடைசி ஒன்றிரண்டு இருக்கும்போது ரெட்டைப் பார்த்துப் பதறுவது அடிக்கடி நடக்கும்.

யாரும் அதிகம் கவனிக்காத விதி ஒன்றும் இருக்கிறது. ஆட்டத்தில் ஒருவர் 22 புள்ளியை எட்டிவிட்டால், அதன் பிறகு ரெட்டை எடுத்தாலும் அவருக்கு அந்த 3 புள்ளி கிடைக்காது. அப்போது ரெட் அவருக்கு மதிப்பில்லாத காய். ஆனாலும் யாராவது எடுத்தால்தான் போர்டு முடியும். எதிராளி 22-க்குக் கீழே இருந்தால் அவருக்கு மட்டும் ரெட்டுக்கு மதிப்பு உண்டு. எனவே முன்னணியில் இருப்பவர் ரெட்டை எடுப்பது தனக்காக இல்லை, அடுத்தவருக்குப் போகாமல் தடுப்பதற்காக.

போர்டை வென்றவர் ரெட்டையும் எடுத்திருந்தால்தான் 3 புள்ளி என்பதையும் மறக்கக்கூடாது. ரெட்டை எடுத்துவிட்டுப் போர்டில் தோற்றால் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் மிச்சம்: எதிராளிக்கும் அந்த 3 கிடைக்காது.

இதையெல்லாம் சேர்த்து ஒரு நிலையைப் பார்ப்போம். வெள்ளை ஆடுபவர் 18 புள்ளி, கறுப்பு ஆடுபவர் 20. பலகையில் வெள்ளை மூன்று, கறுப்பு நான்கு, ரெட். அடிக்க வேண்டியவர் வெள்ளை. அவருடைய முதல் காய் எதிர்ப்புற வலக்குழியின் வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இரண்டாவது காய் நடுவட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு கறுப்புகளோடு ஒட்டிக் கிடக்கிறது. மூன்றாவது அவருடைய சொந்தப் பேஸ் லைனுக்குப் பின்னால், வலப்பக்கச் சட்டத்தை ஒட்டி. ரெட் பலகையின் இடப்பாதியில், எதிர்ப்புற இடக்குழிக்கு லேசான சாய்வில்.

சாதாரண ஆட்டக்காரர் என்ன செய்வார்? குழி வாயில் நிற்கிற காயைத்தான் முதலில் போடுவார். கைக்கு எட்டியதை ஏன் விட வேண்டும்? அடுத்து ரெட்டையும் கட் அடித்துப் போடுவார். பார்ப்பவர்கள் "சூப்பர்டா" என்பார்கள். அப்புறம் ஃபாலோவுக்குத் தேடினால் ஒன்று கறுப்புகளுக்கு நடுவே, ஒன்று முதுகுக்குப் பின்னால். ஏதோ ஒன்றை முயல்வார், தவறும். ரெட் எழுந்து நடுவுக்கு வரும்.

இப்போது கறுப்பு ஆடுபவரின் கணக்கைப் பாருங்கள். பலகையில் வெள்ளை இரண்டு மிச்சம். அவர் ரெட்டை எடுத்து ஃபாலோவும் போட்டு, காய்களை முடித்தால் 2-ம் 3-ம் சேர்ந்து 5. அவரிடம் இருப்பது 20. ஆட்டமே முடிந்தது.

அதே நிலையில் குழி வாயிலிருக்கும் காயைத் தொடாமல் விட்டு, முதலில் ரெட்டை அடித்தால்? ரெட் தவறினால் நஷ்டம் ஓர் அடிதான், ரெட்டும் நடுவுக்கு வராது, போய் நின்ற இடத்தில் இருக்கும். ரெட் விழுந்தால் ஃபாலோ தயாராக நிற்கிறது. ரெட்டை இடக்குழிக்குத் தள்ளிய ஸ்ட்ரைக்கர் எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மெதுவாக அடித்தால் வலப்பக்கக் காயிடம் அது போகவே போகாது. ஃபாலோ விழுந்ததும் ரெட் வெள்ளையின் வசம். அவர் இன்னும் அடிக்கலாம், ஆட்டம் அவரிடமே இருக்கிறது. அடுத்த அடியில் கறுப்புகளோடு ஒட்டியிருக்கும் காயைப் பிரித்துப் பார்க்கலாம். அது தவறி, கறுப்பு ஆடுபவர் நான்கையும் முடித்தேவிட்டாலும் அவருக்குக் கிடைப்பது 2-தான். 22-இல் வந்து நிற்பார், ஆட்டம் அடுத்த போர்டுக்குப் போகும். வெள்ளை முந்திவிட்டாலோ, கறுப்பு நான்கும் அப்படியே இருந்தால் 4-ம் 3-ம் சேர்ந்து 7, ஆக 25.

இரண்டு வழியிலும் விழுந்த காய்கள் ஒன்றேதான், அடித்த திறமையும் ஒன்றேதான். வரிசை மட்டும் மாறியிருக்கிறது. குழி வாயில் நிற்கும் காய் எங்கேயும் ஓடிப்போகாது. அதை ஃபாலோவுக்கென்று ஒதுக்கி வைப்பது, பெண் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த நகையை மளிகைச் செலவுக்கு அடகு வைக்காமல் இருப்பது மாதிரி.

ஆனால் சேர்த்துவைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. குழி வாயில் விட்டுவைத்த காயை எதிராளி இடித்து நகர்த்தலாம், அல்லது தன் காயை அதற்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி வழியை அடைக்கலாம். நல்ல ஆட்டக்காரர் தன்னால் காய் போட முடியாத நேரத்தில் அந்த வேலையைத்தான் செய்வார். எனவே அடுத்த முறையே ரெட்டை அடிக்கும் நிலை இருந்தால்தான் காயைச் சேர்த்துவைப்பதில் பொருள் உண்டு. ரெட் நான்கு காய்களுக்கு நடுவில் புதைந்து கிடக்கும்போது, குழி வாய்க் காயைக் காவல் காத்துக்கொண்டிருப்பதில் லாபமில்லை. அப்போது போட்டுவிட்டு, அதே வரவில் கூட்டத்தைக் கலைக்கலாம்.

நம் உதாரணத்தில் இன்னும் ஒரு காய் பாக்கி இருக்கிறது, பேஸ் லைனுக்குப் பின்னால் கிடக்கும் மூன்றாவது. சாதாரண ஆட்டக்காரர் கடைசிவரை இதைத் தள்ளிப்போடுவார். போர்டுகள் பெரும்பாலும் தோற்பதும் இந்த மாதிரிக் காய்களால்தான். பலகையின் இந்த ஓரம் நமக்கு முதுகுப்புறம், ஆனால் எதிரில் இருப்பவருக்கு அதுவே நேர் எதிர்ப்புறம். நம் பக்கத்து இரண்டு குழிகள்தான் அவருக்குச் சுலபமான குழிகள். அதனால் நம் காய் நமக்குப் பின்னால் கிடப்பது முழுக்க நஷ்டமில்லை, சில சமயம் அவர் காயின் பாதையை மறித்துக்கொண்டு நிற்கும். நம்மால் இப்போது போட முடியாத காய், அவருடைய குழியை அடைக்கிற இடத்தில் இருந்தால் அதை விட்டுவைக்கலாம்.

எடுக்க வேண்டிய நேரம் வந்தால் வழி இரண்டு. ஒன்று, ஸ்ட்ரைக்கரை எதிர்ச்சட்டத்தில் மோதவிட்டுத் திரும்பி வரும்போது காயைத் தட்டுவது. சட்டத்தில் மோதும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்று பள்ளியில் படித்ததை வைத்துக் குறி பார்த்தால் ஏறக்குறைய சரியாக வரும். முழுக்கச் சரியாக வராது. மோதலில் கொஞ்சம் வேகம் செத்துவிடுவதால் திரும்பும் பாதை சற்று மாறும், எவ்வளவு மாறும் என்பது சட்டத்தின் மரத்தைப் பொறுத்தது. அதனால்தான் பழக்கமில்லாத போர்டில் உட்காரும் மன்றத்து ஆட்டக்காரர்கள், ஆட்டம் தொடங்கும் முன் காயே வைக்காமல் நாலு தடவை சட்டத்தில் அடித்துப் பார்க்கிறார்கள்.

இன்னொரு வழி கட்டைவிரல். ஸ்ட்ரைக்கரைப் பேஸ் லைனில் வைத்துத் தன் பக்கமாகவே பின்னால் சுண்டுவது. "பின்னால அடிக்கக் கூடாது" என்று தெருவில் பலர் தடுப்பார்கள். சர்வதேச விதி முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று எந்தத் திசைக்கும் கட்டைவிரலுக்கும் இடம் கொடுக்கிறது. பேஸ் லைனிலிருந்து பின்சட்டத்துக்கு இருக்கிற இடம் 10 சென்டிமீட்டர் மட்டுமே. எனவே கட்டைவிரல் அடியில் பலம் சுத்தமாக வேண்டாம். காயை ஓரமாகத் தொட்டு, சட்டத்தோடு சறுக்கிப் போகவிட்டால் போதும். உதாரணத்தில் அந்தக் காய் வலப்பக்கச் சட்டத்தை ஒட்டி இருப்பதால் குழி பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ட்ரைக்கரைப் பேஸ் லைனின் வலக்கோடி வட்டத்தை முழுக்க மூடும்படி வைத்து, கட்டைவிரலால் மெல்லத் தட்டினால் காய் சட்டத்தை உரசிக்கொண்டே நம் பக்கத்து வலக்குழிக்குப் போகும். கொஞ்சம் பலம் கூடினால் காய் சட்டத்தில் எகிறி வெளியே வந்துவிடும், ஸ்ட்ரைக்கர் அதே குழிக்குள் விழுந்து அபராதம் கட்ட வைக்கும்.